பில்லில் ஒட்டிக்கொண்டு வந்த ஒன்றேகால் ரூபாய்

*ஐயா, எங்க அண்ணனுக்கு ரெண்டு ஜேசிபி உண்டு. வாடகைக் கணக்கை நானும் அண்ணியும்தான் எக்செல்ல ஏத்துறோம். மணிக்கூருக்கு 1,200 ரூபாய். அருமனை பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல ஆறு நாள் வேலை நடந்துது. பில் 5,101.25 ரூபாய்னு வந்துது. தோட்டக்காரரே போன் போட்டு, "பத்து மணிக்கூருக்கு மேல ஓடிச்சே, இவ்வளவுதானா?"ன்னு கேட்டாரு. SUM போட்டா ஒரு தொகை வருது, ஒவ்வொரு கட்டமா + போட்டுக் கூட்டினா வேற தொகை வருது. நான் நிமிஷமா அடிப்பேன்; அண்ணி 2:15-ன்னு அடிப்பாங்க. கோலனை எல்லாம் புள்ளியா மாத்தினா சரியாயிரும்னு ஒருத்தர் சொல்லுறாரு. மாத்தலாமா? பழைய பில்லை எல்லாம் என்ன செய்ய?*

*— ஒரு வாசகி, மார்த்தாண்டம்*

மாற்றாதீர்கள். அந்தப் புள்ளி யோசனை ஏன் ஆகாது என்பதைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்தப் பில் தொகையின் வாலைப் பாருங்கள்.

மணிக்கு 1,200 ரூபாய் என்றால் நிமிடத்துக்கு 20 ரூபாய். நிமிடங்களை முழு எண்ணாகக் கூட்டியிருந்தால் பில் எப்போதும் 20-ன் மடங்காகத்தான் வரும். 5,100 வரலாம், 5,120 வரலாம். 5,101.25 வரவே முடியாது. அந்த ஒன்றேகால் ரூபாயை 20-ஆல் வகுத்தால் 0.0625 கிடைக்கும். ஆக உங்கள் நிமிடப் பத்தியில் எங்கோ ஓர் இடத்தில் 0.0625 என்று ஒரு எண் ஒளிந்திருக்கிறது. எக்செலில் இது பழக்கமான ஆள். ஒன்றரை மணி நேரத்துக்கு அது வைத்திருக்கும் பெயர்.

நீங்கள் அனுப்பிய தாளில் அந்த ஆறு வரிகள் இப்படி இருக்கின்றன:

| வரிசை | D பத்தியில் தெரிவது | உள்ளே உண்மையில் இருப்பது | சரியான நிமிடம் |
|---|---|---|---|
| 2 | 90 | எண் 90 | 90 |
| 3 | 2:15 | எழுத்து | 135 |
| 4 | 45 | எண் 45 | 45 |
| 5 | 3:40 | எழுத்து | 220 |
| 6 | 120 | எண் 120 | 120 |
| 7 | 1:30 | எண் 0.0625 | 90 |

சரியான மொத்தம் 700 நிமிடம், அதாவது 11 மணி 40 நிமிடம். பில் 14,000 ரூபாய் வந்திருக்க வேண்டும்.

இரண்டு விதமாக அடித்ததால் மூன்று விதமான சரக்கு ஒரே பத்தியில் சேர்ந்திருக்கிறது. உங்கள் 90, 45, 120 மூன்றும் வெறும் எண்கள். அவற்றில் தகராறு இல்லை. அண்ணி அடித்ததில்தான் இரண்டு வகை. ஒரு கட்டத்தில் 1:30 என்று அடித்தால், அது கடிகார நேரம் என்று எக்செல் எடுத்துக்கொள்ளும். மேலே உள்ள பட்டையில் 1:30:00 AM என்று காட்டும். எக்செலுக்கு ஒரு முழு நாள் என்பது 1. ஒரு நாளில் 1,440 நிமிடம். 90-ஐ 1,440-ஆல் வகுத்தால் 0.0625. உள்ளே சேமித்து வைப்பது அந்தப் பின்னத்தைத்தான். 7-ஆம் வரிசையில் நடந்தது இது.

3-ஆம், 5-ஆம் வரிசைகளின் கட்டத்தைத் தொட்டு மேல் பட்டையைப் பார்த்தால் எண்ணுக்கு முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி நிற்கிறது. AM என்று வருவது பிடிக்காமல், அதைத் தடுக்க அண்ணி அந்தக் குறியைப் போட்டிருக்கலாம்; பல அலுவலகங்களில் இதைப் பார்க்கிறேன். குறி போட்டவுடன் AM போய்விடும், ஆனால் 2:15 என்பது எண்ணாக இல்லாமல் வெறும் எழுத்தாகிவிடும். பெயர்ப் பத்தியில் 'மணி' என்று ஓர் ஆளின் பெயர் இருப்பதற்கும் இதற்கும் எக்செல் கண்ணில் வேறுபாடு கிடையாது.

இனி உங்கள் இரண்டு தொகைகள். `SUM(D2:D7)` என்று ஒரு வரம்பைக் கொடுத்தால், அதற்குள் இருக்கும் எழுத்துகளை எக்செல் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும். பிழை என்று சொல்லாது, சிவப்பும் காட்டாது. 90 + 45 + 120 + 0.0625 = 255.0625. பில் 5,101.25. ஆனால் `=D2+D3+D4+D5+D6+D7` என்று எழுதினால், + குறி எழுத்தையும் எண்ணாக்கிப் பார்க்க முயலும். "2:15" என்ற எழுத்து 0.09375 ஆகவும் "3:40" என்பது 0.1528 ஆகவும் மாறிச் சேரும். விடை 255.309, பில் 5,106.18. இரண்டில் எது சரி என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டுமே தப்பு. முதலாவதில் அண்ணியின் 5 மணி 55 நிமிடம் அப்படியே காணாமல் போயிற்று. இரண்டாவதில் அது அரை நிமிடத்துக்கும் குறைவாகச் சுருங்கிச் சேர்ந்தது.

வேறு தாள்களில் இந்த நோய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். பத்தியின் இட, வல ஒழுங்கை யாரும் மாற்றாமல் இருந்தால் எழுத்துகள் கட்டத்தின் இடது ஓரத்திலும் எண்கள் வலது ஓரத்திலும் ஒட்டி நிற்கும். எல்லாவற்றையும் நடுவில் வைத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அப்போது ஒரு வெறுங்கட்டத்தில் `=COUNT(D2:D7)` என்றும் பக்கத்தில் `=COUNTA(D2:D7)` என்றும் போடுங்கள். முதலாவது எண்களை மட்டும் எண்ணும். இரண்டாவது காலியாக இல்லாத எல்லாவற்றையும் எண்ணும். உங்கள் தாளில் 4 என்றும் 6 என்றும் வரும். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் அந்த மொத்தத்தை நம்பிப் பில் போடக்கூடாது. ஒன்றாக இருந்தாலும் 0.0625 மாதிரி ஆட்கள் எண் வேடத்தில் உள்ளே இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது அந்தப் புள்ளி யோசனை. அண்ணியின் மூன்று வரிகளையும் 2.15, 3.40, 1.30 என்று ஆக்கிக் கூட்டினால் 6.85 வரும். இதை 6 மணி 85 நிமிடம் என்று படித்தால் 7 மணி 25 நிமிடம், சரியான விடைதான். ஆனால் எக்செல் அப்படிப் படிக்காது. அதற்கு 6.85 மணி என்றால் ஆறு மணியும் அதற்கு மேல் ஒரு மணியில் நூற்றுக்கு 85 பங்கும். 6 மணி 51 நிமிடம். 34 நிமிடம் போயிற்று. அதோடு நிற்காது. 3.40 என்று அடித்ததும் எக்செல் 3.4 என்று சுருக்கிவிடும். ஒரு மாதம் கழித்து அதைப் பார்க்கும்போது 3 மணி 4 நிமிடமா, 3 மணி 40 நிமிடமா, 3 மணி 24 நிமிடமா என்று யாராலும் சொல்ல முடியாது. கோலன் இருக்கும் வரை எது மணி, எது நிமிடம் என்ற தகவலாவது பத்திரமாக இருக்கிறது. அதை அழித்துவிட்டால் மீட்க வழியில்லை.

D பத்தியில் கை வைக்காமல் பக்கத்தில் E பத்தியைத் திறந்து 'நிமிடம்' என்று தலைப்பு கொடுங்கள். E2-வில் இதை ஒட்டி, கீழே வரை இழுத்துவிடுங்கள்:

```
=IF(D2="","",
 IF(ISTEXT(D2),
  IFERROR(LEFT(D2,FIND(":",D2)-1)*60
   +MID(D2,FIND(":",D2)+1,2),"பார்"),
  IF(AND(D2=INT(D2),D2>=15),D2,"பார்")))
```

இது செய்யும் வேலை நேரானது. எழுத்தாக இருந்தால் கோலனுக்கு இடப்பக்கம் உள்ளதை 60-ஆல் பெருக்கி, வலப்பக்கம் உள்ள இரண்டு இலக்கத்தைச் சேர்க்கும். கோலன் இல்லாத எழுத்து என்றால் ('ஒன்றரை மணி' என்று யாராவது அடித்திருந்தால்) கணக்குப் போட முயலாமல் 'பார்' என்று சொல்லும். எண்ணாக இருந்தால், முழு எண்ணாகவும் 15-க்குக் குறையாமலும் இருந்தால் மட்டும் அதை நிமிடம் என்று ஏற்கும். உங்கள் ஆறு வரியில் 90, 135, 45, 220, 120 என்று வந்து, கடைசி வரியில் மட்டும் 'பார்' நிற்கும்.

0.0625-ஐ 1,440-ஆல் பெருக்கினால் 90 கிடைத்துவிடுமே, அதையும் சூத்திரத்திலேயே சேர்த்துவிடலாமே என்று கேட்கலாம். வேண்டுமென்றேதான் விட்டேன். அரை மணி நேரத்துக்கு யாராவது 0.5 என்று அடித்திருந்தால், அந்தப் பெருக்கல் அதை 720 நிமிடம் ஆக்கிவிடும். அரை மணி நேர வேலைக்குப் பன்னிரண்டு மணி நேர பில். கட்டத்துக்குள் இருப்பது பின்னமா, கடிகாரமா என்பதை மனிதர் பார்த்துத் தீர்ப்பதே நல்லது. ஆபரேட்டரின் சீட்டை எடுத்துப் பாருங்கள். 1:30 என்றால் ஒன்றரை மணி என்று உறுதியானதும் E7-இல் 90 என்று கையால் அடித்து, கட்டத்துக்கு ஒரு நிறம் கொடுங்கள். சீட்டு எண்ணைப் பக்கத்தில் குறித்து வைத்தால் பின்னால் யாரும் கேட்டால் சொல்ல முடியும்.

இந்தச் சூத்திரத்துக்கும் பிடிபடாத ஒன்று உண்டு. "1:5" என்று எழுத்தாக இருந்தால் அது 65 நிமிடம் என்று போட்டுவிடும். அடித்தவர் மனத்தில் 1:05 இருந்ததா, 1:50 இருந்ததா என்பது சீட்டுக்குத்தான் தெரியும். கோலனுக்குப் பிறகு ஒற்றை இலக்கம் இருக்கும் வரிகளைக் கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தது மொத்தம். பலர் இவ்வளவும் செய்துவிட்டுக் கீழே பழையபடி `SUM(E2:E7)` போட்டு மறுபடி மாட்டிக்கொள்வார்கள். 'பார்' என்பதும் எழுத்துதானே. SUM அதையும் சத்தமில்லாமல் தாண்டிப் போகும், 610 நிமிடம் என்று காட்டும், நீங்களும் 12,200 ரூபாய் என்று பில்லை அனுப்பிவிடுவீர்கள். அதனால் ஒரு வரி பாக்கி இருந்தாலும் மொத்தம் வரக்கூடாது:

```
=IF(COUNT(E2:E7)=COUNTA(D2:D7),SUM(E2:E7),"பார்க்க வேண்டிய வரி உண்டு")
```

E7-இல் 90 வந்த பிறகுதான் E8-இல் 700 தெரியும். பில் தொகையை அந்த 700-இலிருந்தே எடுங்கள்: `=E8*1200/60`. மணியாக மாற்றி 11.67 என்று வட்டமாக்கி 1,200-ஆல் பெருக்கினால் 14,004 வரும். நாலு ரூபாய்தானே என்று தோன்றும், ஆனால் தோட்டக்காரர் கையால் போட்டுப் பார்த்தால் ஒத்துப்போகாது. பில்லில் அச்சிடுவதற்கு மட்டும் மணி:நிமிடமாக வேண்டுமென்றால்,

```
=INT(E8/60)&":"&TEXT(MOD(E8,60),"00")
```

என்று வேறொரு கட்டத்தில் போடுங்கள். 11:40 என்று வரும். அந்தக் கட்டத்தை எந்தக் கணக்கிலும் சேர்க்க வேண்டாம், பார்வைக்கு மட்டும். மாத மொத்தத்தை h:mm வடிவத்தில் காட்ட நினைத்தால் 24 மணி தாண்டியதும் அது மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். 26 மணி நேரம் 2:00 என்று நிற்கும். மேலே சொன்ன வழியில் அந்தச் சிக்கல் வராது.

15-க்குக் குறைந்த எண்ணை ஏன் நிறுத்தினேன் என்பதற்கு வருகிறேன். இந்தப் பத்தியில் மிகவும் வஞ்சகமான வரி 2:15 அல்ல. வெறும் 2. ஜேசிபியை இரண்டு நிமிட வேலைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். அது இரண்டு மணி நேரம். அடித்தவர் ஒரு நாள் மணியாக எண்ணிவிட்டார், அவ்வளவுதான். அது எண்ணாகவே இருப்பதால் COUNT பிடிக்காது, இட ஓரம், வல ஓரம் என்று பார்த்தும் பிடிக்க முடியாது. 15 என்ற எல்லை நான் வைத்தது. உங்கள் தொழிலில் இதைவிடச் சின்ன வேலைக்குப் பில் போடுவதுண்டு என்றால் குறைத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் மழைக்கு வேலை நின்று, ஒரே நாளில் முக்கால் மணி, அரை மணி என்று துண்டு துண்டாக ஓடுவது சகஜம். ஆகவே சின்ன எண் என்றதும் தப்பு என்று முடிவு கட்டாமல் சீட்டைப் பாருங்கள்.

சீட்டும் தெளிவாக இல்லாத இடத்தில் வண்டியே சாட்சி சொல்லும். டேஷ்போர்டில் உள்ள ஹவர் மீட்டரில் வேலை தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் உள்ள எண்களை ஆபரேட்டர் குறித்திருந்தால், இரண்டையும் கழியுங்கள். அது இன்ஜின் ஓடிய நேரம். தோட்டத்துக்கு ஓட்டிப் போனது, ஆள் வரும் வரை இன்ஜினை அணைக்காமல் நின்றது எல்லாம் அதில் சேரும். ஆகவே மீட்டர் நேரம் பில் நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பதுதான் இயல்பு. பில் நேரம் மீட்டரில் பாதிகூட வரவில்லை என்றால் எங்கோ வரி விழுந்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: மீட்டரின் கடைசி இலக்கம் பெரும்பாலும் மணியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 6 நிமிடம். மீட்டரைப் பார்த்து ஆபரேட்டர் 1.5 என்று எழுதினால் ஒன்றரை மணி. செல்போனைப் பார்த்து 1.30 என்று எழுதினாலும் ஒன்றரை மணிதான். புள்ளி வைத்த எண் எல்லாவற்றையும் சூத்திரம் 'பார்' என்று நிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனிமேல் ஏற்றும் கணக்குக்கு, ஆபரேட்டர்களை நிமிடத்தில் எழுதச் சொல்ல வேண்டாம். 'ரெண்டேகால் மணிக்கூர்' என்று சொல்லிப் பழகியவரை 135 என்று எழுதச் சொன்னால் தலையைச் சொறிந்துகொண்டு 215 என்று எழுதுவார். சீட்டு அவர்கள் வழக்கப்படியே இருக்கட்டும். தாளில் மட்டும் ஒரு பத்தியை இரண்டாக்குங்கள்: ஒன்று மணி, ஒன்று நிமிடம். இரண்டேகால் மணிக்கு முதல் பத்தியில் 2, அடுத்ததில் 15. நிமிடப் பத்தியைத் தேர்ந்தெடுத்து `Data` மெனுவில் `Data Validation` போய் `Whole number`, 0 முதல் 59 வரை என்று வையுங்கள். மணிப் பத்திக்கு 0 முதல் 12 வரை வைக்கலாம். அப்போது நீங்கள் பழக்கத்தில் 90 என்று அடித்தாலும், அண்ணி 2:15 என்று அடித்தாலும் எக்செல் ஏற்காது. மூன்றாவது பத்தியில் மணியை 60-ஆல் பெருக்கி நிமிடத்தைக் கூட்டினால் தீர்ந்தது. வேறு தாளிலிருந்தோ வாட்சாப்பிலிருந்தோ நகலெடுத்து ஒட்டினால் மட்டும் இந்தக் காவல் வேலை செய்யாது. ஒட்டும் பழக்கம் இருந்தால் மேலே சொன்ன COUNT, COUNTA சோதனையையும் விட்டுவிடாதீர்கள்.

பழைய பில்கள். இந்தப் பிழை ஒரு திசையில்தான் போகும். எழுத்து தவறிப்போகும், கடிகார நேரம் ஏறக்குறையச் சுழியமாகும், வெறும் 2 இரண்டு நிமிடமாகும். எல்லாமே மொத்தத்தைக் குறைக்கும். ஆகவே இதனால் எந்த வாடிக்கையாளரிடமும் கூடுதலாக வாங்கியிருக்க மாட்டீர்கள். அண்ணன்தான் இழந்திருக்கிறார், இந்த ஒரு பில்லில் மட்டும் 8,898.75 ரூபாய். எல்லாத் தாளிலும் E பத்தியைப் போட்டு, பில் தொகை மாறும் வேலைகளை மட்டும் தனியே எடுங்கள். தோட்டக்காரரே கேட்டுவிட்டதால் அவருக்கு ஆறு வரியையும் நாள்வாரியாக எழுதி, சீட்டின் படத்தோடு அனுப்பினால் மறுப்புச் சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன். கணக்குத் தீர்ந்து நாளாகிப்போன மற்றவர்களிடம் கேட்பதா, விடுவதா என்பது அண்ணன் முடிவு. அதில் நான் தலையிடுவது முறையல்ல.

ஆனால் ஒன்றை அவரிடம் கேளுங்கள். ஆபரேட்டர்களுக்குப் பேட்டா மணிக்கணக்கில் கொடுப்பதாக இருந்து, அதையும் இதே D பத்தியிலிருந்துதான் எடுத்தீர்கள் என்றால், அவர்களுக்கும் இதே அளவு குறைந்திருக்கும். அருமனையில் 11 மணி 40 நிமிடம் வண்டி ஓட்டியவருக்கு நாலேகால் மணிக்குத்தான் பேட்டா போயிருக்கிறது. வாடிக்கையாளரிடம் நிலுவை கேட்கும் முன்பே அதைக் கொடுத்துவிடுங்கள். ஆபரேட்டர் வாரியாகத் திருத்திய மொத்தத்தை எடுக்க, E பத்தியை வைத்து `SUMIF` போட்டால் போதும். பெயர் B பத்தியில் இருந்தால் இப்படி:

```
=SUMIF(B2:B7,"பெயர்",E2:E7)
```

SUMIF-ம் எழுத்தைத் தாண்டித்தான் போகும். E பத்தியில் 'பார்' ஒன்றுகூட மிச்சமில்லை என்று பார்த்துவிட்டு இதைப் போடுங்கள்.